முகாமையாளரின் அனுமதிக்காக நிற்கும் வேலை: எங்கே நிற்கிறது, எப்படித் தொடர்வது?

*கேள்வி: திருகோணமலையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் திட்ட உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். பொருட்கள் வாங்குவதற்காக நான் போட்ட டாஸ்க் ஒன்று ஒன்பது நாளாக `Pending` என்றே நிற்கிறது. கணக்காளர், அப்புறம் கொழும்பில் இருக்கும் முகாமையாளர் என்று இரண்டு பேர் அனுமதிக்க வேண்டும். டீம்ஸ் வழியாகத்தான் அனுமதி கேட்கிறோம். இரண்டு முறை நினைவூட்டியும் பதில் இல்லை. இன்னும் கேட்டால் தொந்தரவாக நினைப்பாரோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?*

மூன்றாவது நினைவூட்டலை இப்போதைக்கு அனுப்பாதீர்கள். அது எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள். `Pending` என்ற சொல் உங்கள் பட்டியலில் அந்த முறைமை எழுதி வைத்திருப்பது. யாரோ ஒருவர் இன்னும் பொத்தானை அழுத்தவில்லை என்பதைத் தவிர அது வேறு எதையும் சொல்லாது. அந்த ஒருவர் யார், அவரிடம் அது போய்ச் சேர்ந்ததா, சேர்ந்தும் ஏன் கையை வைக்கவில்லை என்ற மூன்றும் அந்த ஒரு சொல்லுக்குள் மறைந்து கிடக்கின்றன. மூன்றுக்கும் நீங்கள் செய்ய வேண்டியது வேறு வேறு.

நானும் திருமலையில் இப்படியொரு நிறுவனத்தில் பல வருடம் நிர்வாக வேலை பார்த்தவன். எங்கள் அலுவலகத்துக்கு இந்த அனுமதி ஓட்டத்தை, அதாவது கோரிக்கையை அனுமதிப்பவர்களிடம் தானாகக் கொண்டுபோகும் ஏற்பாட்டை, மைக்ரோசொஃப்டின் பவர் ஒட்டோமேட்டில் அமைத்ததும் நான்தான். அதனால் அது எங்கெங்கே சிக்கும் என்பதை அனுபவத்தில் பார்த்திருக்கிறேன்.

டீம்ஸில் `Approvals` என்பதைத் திறந்து `Sent` பகுதிக்குப் போங்கள். கோரிக்கை உங்கள் பெயரில் போயிருந்தால் அங்கே இருக்கும். அதைத் திறந்தால் அது இப்போது யார் பெயரில் நிற்கிறது என்று தெரியும். அங்கே இல்லையென்றால் அந்த ஓட்டத்தை அமைத்தவரிடம் கேளுங்கள். அவர் ஓட்ட வரலாற்றைத் திறந்தால் எந்தப் படியில் காத்துக்கொண்டிருக்கிறது என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், இரண்டு பேர் அனுமதிக்கும் ஓட்டத்தை இரண்டு விதமாக அமைக்கலாம். ஒன்று வரிசையாகப் போவது: கணக்காளர் அழுத்திய பிறகுதான் முகாமையாளருக்குக் கோரிக்கையே போகும். மற்றது ஒரே நேரத்தில் இருவருக்கும் போவது. திரையில் அதற்கு `Everyone must approve` என்று பெயர். இருவரும் அழுத்தினால்தான் அது நகரும், ஒருவர் மறுத்தாலே முடிந்துவிடும். உங்களுடையது வரிசையாகப் போவதாக இருந்து கணக்காளர் இன்னும் அழுத்தவில்லை என்றால், முகாமையாளருக்கு இந்த விடயம் போயே இருக்காது. நீங்கள் இரண்டு முறை நினைவூட்டியபோது அவர் தன் பக்கத்தில் தேடிப் பார்த்து, ஒன்றும் இல்லையே என்று விட்டிருக்கலாம். எங்கள் அலுவலகத்தில் இது ஒரு முறை இல்லை, பல முறை நடந்தது. பட்டியலில் இரண்டு படிக்கும் `Pending` என்ற ஒரே சொல் இருந்ததுதான் காரணம். பிறகு படிக்கு ஒரு சொல்லாக மாற்றினேன். முதல் படியில் 'கணக்காளரிடம்', இரண்டாவது படியில் 'முகாமையாளரிடம்' என்று பட்டியலே காட்டும். ஒவ்வொரு படிக்கும் முன்னால் பட்டியலைப் புதுப்பிக்கும் ஒரு செயலைச் சேர்த்தால் போதும். பாதிக்குப் பாதி வீண் நினைவூட்டல்கள் அதோடு நின்றன.

சரி, முகாமையாளரிடம்தான் நிற்கிறது என்று உறுதியாகிவிட்டது என்று வைப்போம். அப்போது கோரிக்கையோடு வரும் மின்னஞ்சல் அவர் கண்ணில் பட்டதா என்பது அடுத்தது. இந்தக் கோரிக்கைகள் ஒரு மனிதர் பெயரில் வருவதில்லை, முறைமையின் பெயரில் வருகின்றன. அவுட்லுக் அவற்றை `Other` பகுதிக்குள் தள்ளிவிடுவது உண்டு. ஒரு நாளைக்கு அறுபது எழுபது மின்னஞ்சல் பார்ப்பவர் அந்தப் பக்கம் போகவே மாட்டார். இதற்கு நினைவூட்டல் எழுத வேண்டியதில்லை. "சேர், டீம்ஸில் `Approvals`-இல் `Received` பகுதியில் என் கோரிக்கை தெரிகிறதா?" என்று ஒரே கேள்வி போதும். தெரிகிறது, தெரியவில்லை என்ற இரண்டில் ஒன்றுதான் பதிலாக இருக்க முடியும் என்பதால் அவருக்கும் பதில் சொல்வது சுலபம்.

இனி கடினமான இடம். அவர் பார்த்துவிட்டார், ஆனாலும் அழுத்தவில்லை. பெரும்பாலானோர் இதை அக்கறையின்மை என்றோ கோபம் என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். நான் பார்த்த வரையில், பார்த்துவிட்டு அழுத்தாமல் வைத்திருப்பவருக்கு ஏதோ ஒரு சந்தேகம் இருக்கிறது. மறுக்கும் அளவுக்கு அது பெரிதில்லை, துணிந்து அனுமதிக்கும் அளவுக்கு அவரிடம் தகவலும் இல்லை. பிறகு பார்க்கலாம் என்று வைக்கிறார். அந்தச் சந்தேகத்தைத் தொடாத நினைவூட்டல் எத்தனை போனாலும் அவர் கை நகராது.

எங்களுக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். குச்சவெளிப் பக்கத்து முன்பள்ளிகளுக்கு 1000 லீட்டர் தண்ணீர்த் தாங்கிகள் எட்டு வாங்க வேண்டியிருந்தது. மூன்று விலைமனு எடுத்தோம். குறைந்தது ஒரு தாங்கி 29,000 ரூபாய், எட்டுக்கும் 232,000 ரூபாய். விலைமனு 14 நாளுக்குத்தான் செல்லும். எங்கள் நிறுவன விதிப்படி பிராந்திய முகாமையாளர் 250,000 ரூபாய் வரை அனுமதிக்கலாம். அதற்கு மேல் போனால் பணிப்பாளர். 232,000 தானே, முகாமையாளர் போதும் என்று நினைத்து அவருக்கு அனுப்பினோம். அப்போது எங்கள் ஓட்டத்தில் முகாமையாளர்தான் முதல் படி, கணக்காளர் இரண்டாவது.

நாள் போனது. நான்காம் நாள் "சேர், அனுமதி தாருங்கள்" என்று எங்கள் உத்தியோகத்தர் அனுப்பினார். ஏழாம் நாள் இன்னொன்று. ஒன்பதாம் நாள் "மிக அவசரம்" என்று இன்னொன்று. பதினோராம் நாள் நான் தொலைபேசியில் எடுத்து, அனுமதியைக் கேட்காமல், "சேர், அதில் உங்களுக்கு ஏதாவது தெளிவில்லாமல் இருக்கிறதா?" என்று கேட்டேன். உடனே சொன்னார்: "விலைமனுவின் கீழே வற் வரி சேர்க்கப்படவில்லை என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறான். அதைச் சேர்த்தால் இது என் எல்லைக்குள் வருமா என்று கணக்காளரிடம் கேட்க வேண்டும் என்று நினைத்தேன், அப்படியே விட்டுப்போயிற்று."

2024 ஜனவரி முதல் வற் வரி 18 வீதம். 232,000-இன் 18 வீதம் 41,760. மொத்தம் 273,760 ரூபாய். அவருடைய எல்லையைத் தாண்டிவிட்டது. அதாவது பதினொரு நாளாக நாங்கள் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தவருக்கு அதைத் தரும் அதிகாரமே இருக்கவில்லை. அவர் இரண்டாம் நாளே அதைக் கவனித்திருந்தார். நாங்கள் அனுப்பிய மூன்று செய்தியிலும் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாததால் அவருக்குப் பதில் சொல்லவும் ஒன்றும் இருக்கவில்லை.

அப்போது அலுவலகத்தில் ஒருவர், நான்கு நான்காக இரண்டு கோரிக்கையாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் எல்லைக்குள் வரும், இன்றைக்கே முடித்துவிடலாம் என்றார். அதைச் செய்யவில்லை. ஒரே கடை, ஒரே வாரம், ஒரே பொருள், இரண்டு கொள்வனவுக் கட்டளை என்றால் கணக்காய்வில் முதலில் கண்ணில் படுவது அதுதான். அனுமதி எல்லையைத் தவிர்க்கப் பிரித்தார்கள் என்று எழுதிவிடுவார்கள், எழுதினால் அது சரியும்கூட. பழைய கோரிக்கையை முகாமையாளர் மறுப்பாக முடித்தார். 273,760 என்ற தொகையோடு புதிய கோரிக்கை பணிப்பாளருக்குப் போனது. மறுநாள் அனுமதி வந்தது, பதின்மூன்றாம் நாள் கட்டளை போட்டோம். ஒரு நாள்தான் மிச்சம்.

அதற்குப் பிறகு இரண்டு படிகளின் வரிசையை மாற்றினேன். கணக்காளர் முதலில் வரி, பட்ஜெட் தலைப்பில் பணம், விலைமனுக்களின் காலம், யாருடைய எல்லை என்பவற்றைப் பார்ப்பார். முகாமையாளரிடம் வரும்போது 'இது தேவையா' என்ற ஒரே கேள்விதான் மிச்சம் இருக்கும். உங்களிடம் ஏற்கனவே கணக்காளர்தான் முதலில் இருக்கிறார், அது நல்லது. ஆனால் அவர் இவற்றைப் பார்த்துத்தான் அழுத்துகிறாரா, பெயருக்கு அழுத்துகிறாரா என்று ஒரு தடவை நட்பாகக் கேட்டுப் பாருங்கள்.

இனி செய்தி. நினைவூட்டலை எழுதும்போது, அவர் வாகனத்தில் போய்க்கொண்டிருக்கிறார், கையில் ஃபோன் மட்டும் இருக்கிறது, இணைப்பைத் திறக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள். அந்த நிலையிலேயே முடிவெடுக்க முடிகிற அளவு அதில் இருக்க வேண்டும். தாங்கி விடயத்தில் நாங்கள் முதல் நாளே இப்படி எழுதியிருக்க வேண்டும்:

> வணக்கம் சேர். குச்சவெளி முன்பள்ளிகளுக்கான 8 தண்ணீர்த் தாங்கிகள் உங்கள் அனுமதிக்கு இருக்கின்றன. மொத்தம் வற் வரியோடு ரூபா 273,760. பட்ஜெட் தலைப்பில் பணம் இருப்பதைக் கணக்காளர் உறுதிசெய்துவிட்டார். மூன்று விலைமனுவில் இதுதான் குறைவு, அது 22ஆம் திகதி வரை செல்லும். 20ஆம் திகதிக்குள் கிடைத்தால் அந்த விலைக்கே வாங்கலாம். தவறினால் மீண்டும் விலைமனு எடுக்க வேண்டும், அதற்கு ஒரு வாரம் போகும். ஏதாவது குறை இருந்தால் சொல்லுங்கள், இன்றைக்கே திருத்தித் தருகிறேன்.

இப்படி எழுத உட்கார்ந்தாலே, வரியோடு எவ்வளவு என்று நாமே கூட்டிப் பார்த்திருப்போம். தவறான ஆளுக்கு அனுப்புகிறோம் என்பது அனுப்பும் முன்னமே தெரிந்திருக்கும்.

இந்தச் செய்தியில் "அவசரம்" என்ற சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள். அதற்குப் பதிலாக ஒரு திகதியும் அதற்குக் காரணமும் இருக்கின்றன. அந்தத் திகதி உங்கள் விருப்பம் இல்லை, விலைமனுவின் காலம் முடியும் நாள். எல்லாவற்றையும் அவசரம் என்று எழுதுபவரின் செய்தியை ஒரு மாதத்தில் யாரும் பார்ப்பதில்லை. ஆனால் 22ஆம் திகதிக்குப் பிறகு அந்த விலை செல்லாது என்பதை எந்த முகாமையாளரும் ஒதுக்க மாட்டார். உங்கள் வேலையில் விலைமனு இல்லை என்றாலும் இப்படி ஒரு வெளித் திகதி பெரும்பாலும் இருக்கும். நிதி தருபவரின் காலாண்டு முடிவு இருக்கலாம், பயிற்சி மண்டபத்துக்கு முன்பதிவு செய்ய வேண்டிய கடைசி நாள் இருக்கலாம். கார்த்திகை, மார்கழி மழைக்கு முன்னால் கூரை வேலை முடிய வேண்டும் என்பது இங்கே எங்களுக்கு எப்போதும் உண்டு. கொழும்பில் இருப்பவருக்கு நமது மழைக்காலம் அவ்வளவாக நினைவில் இருக்காது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தொந்தரவாக நினைப்பாரோ என்று கேட்டிருந்தீர்கள். புதிதாக ஒன்றும் சொல்லாமல் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால் நினைப்பார். ஒவ்வொரு முறையும் அவருடைய வேலையில் ஒரு துண்டைக் குறைத்துக் கொடுத்தால் நினைக்க மாட்டார். நான் வைத்திருந்த கணக்கு இது: கோரிக்கை போன அன்றே மேலே உள்ள மாதிரி ஒரு செய்தி. மூன்று வேலைநாள் கழித்து, தெரிகிறதா, குறை உண்டா என்ற கேள்வி. ஐந்தாவது வேலைநாளில் தொலைபேசி. இடையில் போயா விடுமுறை வந்தால் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வெள்ளிக்கிழமை மதியத்தில் எடுப்பதில்லை, தொழுகைக்குப் போகிறவர்கள் நம் அலுவலகங்களில் நிறைய. திங்கட்கிழமை காலையிலும் எடுப்பதில்லை, அப்போது கொழும்பில் கூட்டம் இருக்கும். செவ்வாய், புதன் காலை ஒன்பதரை மணிவாக்கில் எடுத்தால் பெரும்பாலும் ஆள் கிடைப்பார்.

தொலைபேசியில் ஒரு ஆபத்து இருக்கிறது. "ஆ, அதுவா, சரி செய்யுங்கோ" என்று சொல்லிவிடுவார். கேட்ட சந்தோஷத்தில் கடைக்குக் கட்டளை கொடுத்துவிடாதீர்கள். அவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் முறைமையில் அழுத்தப்படாத வரை அது அனுமதி இல்லை, பணம் கொடுக்கும்போது கணக்காளர் நிறுத்துவார், பொருள் வந்து இறங்கிய பிறகு கடைக்காரருக்குப் பதில் சொல்லப்போவது நீங்கள். ஃபோனை வைத்தவுடனே, "சேர், இப்போது பேசியபடி தாங்கிகளுக்குச் சம்மதம் சொன்னீர்கள், நன்றி. டீம்ஸில் அழுத்தியவுடன் கட்டளை போடுகிறேன்" என்று எழுதி அனுப்புங்கள். பேசிய சூட்டிலேயே பெரும்பாலும் அழுத்திவிடுவார்.

ஐந்தாம் நாளும் போய், தொலைபேசிக்கும் பதில் இல்லை என்றால்தான் மேலே போவது. அப்போதும் அவருக்குத் தெரியாமல் போகாதீர்கள். பணிப்பாளரை மின்னஞ்சலில் பிரதிக்குச் சேர்த்து "இதுவரை பதில் இல்லை" என்று எழுதுவது அந்த ஒரு கோரிக்கையை முடித்துத் தரும், அடுத்த பத்துக் கோரிக்கையைக் கெடுக்கும். அதற்குப் பதிலாக அவரிடமே கேளுங்கள்: "சேர், நீங்கள் வெளியூர்ப் பயணத்தில் இருப்பதாக அறிந்தேன். 20ஆம் திகதிக்குள் தேவைப்படுவதால், இதை வேறு யாருக்காவது மாற்றிவிட முடியுமா?" டீம்ஸில் அவருடைய பக்கத்தில் `Reassign` என்று இருக்கிறது, அதை அழுத்தி இன்னொருவர் பெயருக்கு மாற்றலாம். ஆனால் மாற்றப்படுபவருக்கு அந்தத் தொகைக்கு எழுத்தில் கொடுக்கப்பட்ட அதிகாரம் இருக்க வேண்டும். முறைமை அதைப் பார்க்காது, யார் பெயரைக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளும். முகாமையாளர் விடுமுறையில் போகும்போது யார் பார்ப்பார் என்று உங்கள் நிறுவனத்தில் எழுதி வைக்கவில்லை என்றால், இந்தச் சந்தர்ப்பத்திலேயே அதைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக முறைமையின் எல்லை ஒன்று. உங்கள் கோரிக்கைக்கு ஒன்பது நாள்தான் ஆகிறது, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். பவர் ஒட்டோமேட்டில் ஒரு ஓட்டம் 30 நாளுக்கு மேல் காத்திருக்காது. 31ஆம் நாள் முகாமையாளர் அழுத்தினாலும் அதற்குப் பிந்திய படிகள் எதுவும் நடக்காது. பட்டியலில் `Pending` என்பது அப்படியே நிற்கும். அவர் "நான் அன்றைக்கே கொடுத்துவிட்டேனே" என்பார், நீங்கள் "வரவில்லை சேர்" என்பீர்கள், இருவர் சொல்வதும் உண்மை. இரண்டு படிகள் இருந்தால் அந்த 30 நாள் இரண்டுக்கும் சேர்த்துத்தான். கணக்காளர் 20 நாள் எடுத்தால் முகாமையாளருக்கு 10 நாள்தான் மிச்சம்.

இதைத் தவிர்க்க, `Start and wait for an approval` என்ற செயலின் `Settings`-இல் `Timeout` என்ற இடத்தில் காலக்கெடுவை நாமே கொடுக்கலாம். ஐந்து நாள் என்றால் இப்படி:

```
P5D
```

இது நாட்காட்டி நாள், வேலைநாள் இல்லை. சனி, ஞாயிறு, போயா எல்லாம் இதில் சேரும். அதற்கடுத்து செய்தி அனுப்பும் ஒரு செயலைச் சேர்த்து, அதன் `Configure run after` என்பதில் `has timed out` என்பதை மட்டும் தெரிவு செய்தால், ஐந்து நாளில் பதில் வராதபோது கோரிக்கை போட்டவருக்கு 'காலம் முடிந்தது, மீண்டும் அனுப்பவும்' என்று ஒரு செய்தி போகும். முப்பது நாள் சத்தமில்லாமல் கிடந்து சாவதைவிட ஐந்தாம் நாள் சத்தம் போட்டு நிற்பது எவ்வளவோ மேல். இதை உங்கள் அலுவலகத்தில் ஓட்டத்தை அமைத்தவர்தான் செய்ய முடியும், கால் மணி நேர வேலை.

நாளைக் காலை நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். `Sent`-இல் யார் பெயரில் நிற்கிறது என்று பாருங்கள். விலைமனுவை எடுத்து வரி சேர்ந்ததா, எந்தத் திகதி வரை செல்லும் என்று பார்த்து, வரியோடு கூட்டிய தொகை முகாமையாளரின் எல்லைக்குள் இருக்கிறதா என்று சரிபாருங்கள். உள்ளே இருந்தால் மேலே உள்ள மாதிரி ஒரு செய்தி எழுதி அனுப்பிவிட்டு, பத்து மணிக்குத் தொலைபேசி எடுத்து, குறை ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். வெளியே இருந்தால் புதிய கோரிக்கை போடுவதற்கு முன் பழையதை ரத்துச் செய்யுங்கள், அல்லது மறுத்து முடிக்கச் சொல்லுங்கள். இரண்டும் திறந்து கிடந்தால் ஒரு நாள் இரண்டுக்கும் அனுமதி வரும், ஒரே பொருளுக்கு இரண்டு கொள்வனவுக் கட்டளை போய்விடும். புதியதில் பழைய கோரிக்கையின் இலக்கத்தையும் அது ஏன் முடிக்கப்பட்டது என்பதையும் ஒரு வரியில் எழுதி வையுங்கள்.